திரையில் ஒரு மங்கல் கண்ணாடி

குளியலறைச் சன்னல்களில் பொருத்தப்படும் மங்கல் கண்ணாடியைப் பலரும் பார்த்திருப்பர். அதன் ஒரு பக்கம் மணலை வேகமாகத் தெளித்தோ அமிலத்தால் அரித்தோ சொரசொரப்பாக்கப்பட்டிருக்கும். ஒளி அந்தச் சொரசொரப்பில் பட்டுப் பல திசைகளில் சிதறுவதால் வெளிச்சம் உள்ளே வரும். உருவங்கள் மட்டும் கலங்கித் தெரியும். இதே தோற்றத்தைக் கணினித் திரையிலும் காணலாம். 2007இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்தாவின் சாளர விளிம்புகள் இவ்வாறுதான் இருந்தன. 2013இல் ஐபோனின் ஏழாம் இயங்குதளமும் இதைப் பின்பற்றியது. இன்று இணையப்பக்கம் உருவாக்கக் கற்கும் மாணவர்கூட நான்கைந்து வரிகளில் இதைச் செய்துவிடலாம். ஆனால், அந்தக் கண்ணாடியின் மேல் எழுதியதைப் பிறரால் படிக்க முடியுமா என்பது வேறு கேள்வி.

ஒரு பள்ளியின் விளையாட்டுப் போட்டிக்கான அறிவிப்புப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பின்னணியில் திடலின் பெரிய புகைப்படம் இருக்கிறது. அதன் மேல் பாதியில் வெண்மேகங்கள் நிறைந்த வானம்; கீழ்ப் பாதியில் அடர்ந்த மரங்கள். புகைப்படத்தின்மேல் ஒரு பலகை. அதில் போட்டி நடைபெறும் நாளும் நேரமும் வெள்ளை எழுத்துகளில் உள்ளன. பலகைக்கான கட்டளைகள் இவை:

```css
.palagai {
  background: rgba(255, 255, 255, 0.2);
  backdrop-filter: blur(12px);
  color: white;
}
```

முதல் வரி பலகைக்கு வெள்ளைச் சாயம் பூசுகிறது. கடைசியில் உள்ள 0.2 என்பதன் பொருள், சாயம் ஐந்தில் ஒரு பங்குதான் என்பதாகும். மீதி நான்கு பங்கு பின்னால் உள்ள படம் கசிந்து தெரியும். இரண்டாம் வரி பலகைக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும் கலக்குகிறது. ஒவ்வொரு படப்புள்ளியின் நிறமும் அதைச் சுற்றியுள்ள புள்ளிகளின் நிறத்தோடு கலந்து சராசரியாகிவிடும். 12 என்ற எண்ணைக் கூட்டினால் இன்னும் தொலைவில் உள்ள புள்ளிகளும் கலக்கும். படம் மேலும் மங்கும்.

புதிதாகக் கற்போர் இங்கு இரண்டு இடங்களில் தடுமாறுவதுண்டு. சிலர் `backdrop-filter` என்பதற்குப் பதிலாக `filter` என்று எழுதிவிடுவர். அப்போது பின்னணி தெளிவாகவே இருக்கும். பலகையில் உள்ள எழுத்துகள் கலங்கிப்போகும். வேறு சிலர் பலகையை ஒளிகசிய வைக்க `opacity: 0.2` என்று எழுதுவர். அது பலகையோடு சேர்த்து எழுத்துகளையும் வெளிறச் செய்துவிடும். சாயத்தை மட்டும் குறைக்க வேண்டுமானால் `rgba` என்பதன் நான்காவது எண்ணைத்தான் மாற்ற வேண்டும்.

அறிவிப்புப் பக்கத்துக்கே திரும்புவோம். பலகை மரங்களின்மேல் இருக்கும்போது எல்லாம் அழகாகத் தெரிகிறது. கைப்பேசியில் பக்கத்தை நகர்த்தியதும் பலகை மேகத்தின்மேல் வந்து நிற்கிறது. உடனே போட்டி நேரம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. படம்தான் நன்றாக மங்கியிருக்கிறதே, ஏன் இப்படி?

மங்கலாக்குவது படத்தின் நுணுக்கங்களைத்தான் அழிக்கும், வெளிச்சத்தைக் குறைக்காது. இலைகள், கிளைகள், மேகத்தின் ஓரங்கள் யாவும் ஒன்றோடொன்று கலந்துவிடும். எனினும், வெண்மேகத்தை எவ்வளவு மங்கலாக்கினாலும் கிடைப்பது வெண்மையான மங்கலே. அதன் மேல் வெள்ளை எழுத்து நிற்காது. மாணவர் 12 என்பதை 30 ஆக்கிப் பார்த்தாலும் பயன் இருக்காது.

இதை எண்களாலும் காட்டலாம். திரையில் நிறத்தின் அளவு 0 முதல் 255 வரை. 0 கறுப்பு, 255 வெள்ளை. மரங்களின் சராசரி அளவு 30 என்றும் மேகத்தின் அளவு 220 என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு வெள்ளை கலந்ததும் மரப்பகுதி 75 ஆகிறது. மேகப்பகுதி 227 ஆகிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டை மாறுபாட்டு விகிதம் என்பர். இரண்டும் ஒரே நிறமானால் அது 1. கறுப்பும் வெள்ளையுமானால் 21. இணைய உள்ளடக்கம் அனைவருக்கும் எட்டவேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட அனைத்துலக வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது. அந்த வழிகாட்டியின் சூத்திரப்படி மரங்களின்மேல் இருந்த வெள்ளை எழுத்துக்கு ஏறத்தாழ 8.7 கிடைக்கிறது. மேகத்தின்மேலோ 1.3தான்!

ஆகவே, எழுத்தைக் காப்பாற்றுவது சாயமே. பலகையின் வெள்ளைச் சாயத்தை எடுத்துவிட்டு, `rgba(0, 0, 0, 0.6)` என்று கறுப்புச் சாயம் பூசலாம். இப்போது மேகப்பகுதி 220இலிருந்து 88க்கு இறங்குகிறது. விகிதம் 7ஐத் தாண்டுகிறது. பின்னணி முழுவெள்ளையாகவே இருந்தாலும் 5.7 கிடைக்கும். அதாவது, நாளை யாரேனும் புகைப்படத்தை மாற்றினாலும் எழுத்து தப்பிவிடும். சாயத்தை 0.5 ஆகக் குறைத்தால் முழுவெள்ளைப் பின்னணியில் விகிதம் 4 அளவுக்கு இறங்கிவிடுகிறது. சாயம் அடர்த்தியாவதால் கண்ணாடித் தோற்றம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அந்த இழப்பை ஏற்பதே நல்லது. நேரம் தெரியாத அறிவிப்பு யாருக்குப் பயன்படும்?

விஸ்தாவை வடிவமைத்தோர் வேறு வழியைக் கையாண்டனர். சாளரத் தலைப்பின் கறுப்பு எழுத்துகளுக்குப் பின்னால் மென்மையான வெள்ளை ஒளிவட்டம் ஒன்றை இட்டனர். ஒரு வரித் தலைப்புக்கு அது போதும். பத்தி பத்தியாக உள்ள கட்டுரைக்கு அதைச் செய்தால் பக்கம் முழுவதும் புகை படிந்ததுபோல் ஆகிவிடும். நெடுநேரம் படிக்க வேண்டியதை மங்கல் கண்ணாடியில் வைக்காமல், ஒரே நிறப் பின்னணியில் வைப்பதே மேல். பாட்டை நிறுத்தும் பொத்தான், ஒளியளவைக் கூட்டும் பட்டை போன்று ஒரே பார்வையில் புரிந்துவிடும் சிறு பலகைகளுக்குத்தான் இந்தக் கண்ணாடி பொருந்தும்.

தமிழ் எழுத்துகளுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. மெய்யெழுத்தின் தலையில் உள்ள புள்ளி மிகச் சிறியது. 'மனம்', 'மணம்' ஆகிய சொற்களைப் பிரிப்பதோ ஒரே ஒரு சுழி. மெல்லிய கோடுகளாலான எழுத்துருவை ஒளிகசியும் பலகையில் இட்டால், முதலில் மறைபவை இந்தப் புள்ளியும் சுழியும்தான். சற்றுத் தடித்த எழுத்துரு இவற்றைக் காக்கும்.

பலகை தேறுமா என்று அறிய எளிய சோதனை உண்டு. புகைப்படத்தை நீக்கிவிட்டு, பின்னணியை ஒருமுறை முழுவெள்ளையாகவும் மறுமுறை முழுக்கறுப்பாகவும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் எழுத்து தெளிவாக இருந்தால், எந்தப் படத்தின் வெளிச்சத்துக்கும் அது தாங்கும். பிறகு மங்கலாக்கும் வரியை நீக்கியும் பார்க்க வேண்டும். ஏனெனில், பழைய உலாவிகள் சிலவற்றுக்கு அந்தக் கட்டளை புரியாது. அவற்றில் படம் கலங்காமல் இலையும் கிளையுமாகவே எழுத்தின் பின்னால் தெரியும்.

கண்பார்வை குறைந்தோரும் எளிதில் தலைசுற்றல் வருவோரும் தங்கள் கருவியின் அமைப்புகளில் இந்தத் தோற்றத்தையே நிறுத்திவைப்பதுண்டு. ஐபோனில் அதற்கான தெரிவு `Reduce Transparency` என்ற பெயரில் உள்ளது. அவர்கள் விருப்பத்தைப் பக்கம் மதிக்க, இந்த வரிகளைச் சேர்க்கலாம். எல்லா உலாவிகளும் இதை இன்னும் புரிந்துகொள்வதில்லை. புரிந்துகொள்ளும் உலாவியில் பலகை கண்ணாடித் தோற்றத்தை விட்டு, ஒரே அடர்நிறத்துக்கு மாறிவிடும்.

```css
@media (prefers-reduced-transparency: reduce) {
  .palagai {
    background: #222;
    backdrop-filter: none;
  }
}
```