திரிந்தது பால் அல்ல

முதன்முதலில் வீட்டில் முட்டை கஸ்டர்ட் செய்தபோது பழி பால் மீது விழுந்தது. அதுவரை பட்டுப்போல இருந்த மஞ்சள் கலவை, நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டுப் பார்ப்பதற்குள் ரவை ரவையாகிவிட்டது. ஓரத்தில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. எட்டிப் பார்த்த அம்மா, "பழைய பாலா இருக்கும், திரிஞ்சு போச்சு" என்றார். ஆனால் அதே பாக்கெட்டில் மிச்சமிருந்த பாலை மாலையில் காய்ச்சினோம். நன்றாகப் பொங்கி வந்தது. காபியும் போட்டுக் குடித்தோம்.

புளிக்காத பாலை எத்தனை நேரம் கொதிக்க வைத்தாலும் அது திரிவதில்லை. அப்படித் திரிந்தால் பால்கோவாவே செய்ய முடியாதே. பாலில் இருக்கும் முக்கியமான புரதமான கேசீன் சூட்டுக்கு அசையாது, புளிப்புக்குத்தான் அசையும். அதனால்தான் எலுமிச்சைச் சாறு விட்டதும் பன்னீர் திரண்டு வருகிறது. அன்று என் பாத்திரத்தில் திரிந்தது பால் அல்ல, அதற்குள் இருந்த முட்டை.

நம்மில் பலருக்கு இந்த அனுபவம் இருக்காது. நம் வீடுகளில் கஸ்டர்ட் என்றால் டப்பாவில் வரும் பொடிதான். அதில் முட்டை கிடையாது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரெட் பேர்ட் என்பவர் 1837இல் அதை உருவாக்கினார். அவருடைய மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. முட்டைக்குப் பதிலாகச் சோள மாவைப் போட்டுப் பாலைக் கெட்டியாக்கினார். கல்யாணப் பந்தியில் ஃப்ரூட் சாலட் மேல் ஊற்றப்படும் மஞ்சள் குழம்பு அந்த வழியில் வந்ததுதான். சோள மாவு கெட்டியாக வேண்டுமானால் கொதிக்கத்தான் வேண்டும். பொடி கஸ்டர்டில் பழகிய கை முட்டை கஸ்டர்டையும் கொதிக்க விடுகிறது. அங்கேதான் தவறு நடக்கிறது.

முட்டை எப்படிப் பாலைக் கெட்டியாக்குகிறது? முட்டைப் புரதம் ஒவ்வொன்றும் இறுக்கிச் சுற்றிய சின்ன நூல்கண்டு போன்றது. பச்சை முட்டையில் இந்தக் கண்டுகள் தண்ணீரில் தனித்தனியாக மிதக்கின்றன. அதனால் கலவை நீர்த்திருக்கிறது. சூடேறினால் கண்டுகள் பிரிந்து நூல்கள் வெளியே நீள்கின்றன. நீண்ட நூல்கள் பக்கத்து நூல்களோடு மாட்டிக்கொண்டு கலவை முழுவதும் ஒரு வலையாகின்றன. பாலில் இருக்கும் தண்ணீர் அந்த வலையின் கண்களுக்குள் அகப்பட்டு நிற்கிறது. தண்ணீர் எங்கும் போகவில்லை, ஓட முடியாமல் நிற்கிறது, அவ்வளவுதான். நாக்கில் கெட்டியாகத் தெரிவது இதுதான்.

சூடு மேலும் ஏறினால் நூல்கள் இன்னும் பல இடங்களில் மாட்டிக்கொள்கின்றன. வலை இறுகிச் சுருங்குகிறது. ஈரத் துணியை முறுக்கினால் தண்ணீர் சொட்டுவதுபோல உள்ளே பிடித்து வைத்திருந்த நீரை வெளியே தள்ளுகிறது. சுருங்கிய வலைத்துண்டுகள் ரவையாகவும், பிழிந்த நீர் ஓரத்துத் தண்ணீராகவும் தெரிகின்றன. கெட்டியாவதும் திரிவதும் இரண்டு வேறு நிகழ்ச்சிகள் அல்ல. ஒரே வேலை அளவோடு நடந்தால் கஸ்டர்ட், அளவு மீறினால் திரிதல்.

அந்த அளவு எது? முட்டையை மட்டும் சூடாக்கினால் வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் அருகிலேயே உறையத் தொடங்குகிறது. மஞ்சள் கரு 65இல் தடித்து 70இல் உறைகிறது. ஆனால் கஸ்டர்டில் முட்டை தனியாக இல்லை. நான் செய்யும் அளவைச் சொல்கிறேன்: அரை லிட்டர் பால், ஐந்து மஞ்சள் கரு, 100 கிராம் சர்க்கரை. மஞ்சள் கரு ஒன்று ஏறத்தாழ 18 கிராம், ஐந்தும் சேர்ந்து 90 கிராம்தான். அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் பால். கூட்டத்தில் சிதறிப்போன ஐந்து பேர் ஒருவரையொருவர் தேடுவதுபோல, புரதங்கள் சந்தித்து மாட்டிக்கொள்ள அதிக வேகம், அதாவது அதிக சூடு, தேவைப்படுகிறது. சர்க்கரையும் இடையில் புகுந்து குறுக்கே நிற்கிறது. ஆகவே இந்தக் கலவை 80 டிகிரியை ஒட்டித்தான் நன்றாகக் கெட்டியாகிறது. 85ஐத் தாண்டினால் திரியத் தொடங்குகிறது. நமக்குக் கிடைக்கும் இடைவெளி சுமார் ஐந்தே டிகிரி.

இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரையைக் குறைத்தால், முட்டையைக் கூட்டினால், பழச்சாறு போலப் புளிப்பான எதையாவது சேர்த்தால், திரியும் சூடு கீழே இறங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு இதை மெதுவாகச் செய்து பார்த்தேன். மஞ்சள் கருவையும் சர்க்கரையையும் அடித்து வைத்தேன். பாலைச் சூடாக்கி, ஆவி வந்ததும், ஒரு கையால் கிண்டிக்கொண்டே சிறிது சிறிதாகக் கருவில் ஊற்றினேன். இந்த வரிசையை மாற்றக் கூடாது. கருவைக் கொண்டுபோய்ச் சூடான பாலில் கொட்டினால், முதலில் விழும் கரு கலப்பதற்குள் வெந்து நூல் நூலாகிவிடும். பிறகு எல்லாவற்றையும் அடிகனமான பாத்திரத்துக்கு மாற்றிச் சின்னத் தீயில் வைத்து, மரக்கரண்டியால் அடியையும் மூலைகளையும் வழித்துக்கொண்டே இருந்தேன். கருகுமே என்பதற்காக மட்டுமல்ல. பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் படலம் நடுவில் இருப்பதைவிட எப்போதும் சூடாக இருக்கும். தெர்மாமீட்டர் நடுவில் 78 காட்டும்போதே அடியில் கிண்டாமல் விட்ட இடம் 85ஐத் தாண்டியிருக்கலாம்.

60 டிகிரி வரை ஒன்றும் நடக்கவில்லை. மேலே அடித்த நுரை அப்படியே மிதந்தது. 70ஐத் தாண்டியதும் ஆவி எழுந்தது. 75க்கு மேல் நுரைக் குமிழிகள் ஒவ்வொன்றாக மறைந்தன, கரண்டி நகரும்போது லேசான கனம் தெரிந்தது. 80இல் கரண்டியைத் தூக்கி அதன் முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்தேன். கோட்டின் இரு கரையும் வழியாமல் நின்றன. தெர்மாமீட்டர் இல்லாத சமையல்காரர்கள் நம்பியிருக்கும் அடையாளம் இதுதான். 82இல் இறக்கி, குளிர்ந்த நீர் வைத்திருந்த அகலப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்து, தொடர்ந்து கிண்டினேன். அடுப்பை அணைத்துவிட்டால் போதும் என்று நினைப்பது இன்னொரு பொறி. கனமான பாத்திரம் தன்னிடம் இருக்கும் சூட்டால் மேலும் இரண்டு மூன்று டிகிரி ஏற்றிவிடும். கடைசியில் வடிகட்டியில் வடித்தேன். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இரண்டொரு துணுக்கு இருக்கத்தான் செய்யும்.

அரைக் கிண்ணத்தைத் தனியே எடுத்து வேண்டுமென்றே மேலும் சூடாக்கினேன். 86இல் கரண்டியின் முதுகில் இருந்த படலம் மழமழப்பை இழந்து மணல் தெளித்ததுபோல் ஆனது. 90இல் ரவையும் தண்ணீரும்தான். மணல் தெரிந்த நிலையில் உடனே இறக்கி மிக்சியில் ஒரு சுற்று விட்டால் ஓரளவு தப்பிக்கலாம். அப்போதும் அது பழைய கெட்டித்தன்மைக்குத் திரும்பாது. வலையைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கிறோம், பிழிந்துபோன நீரை மறுபடி பிடிக்க அதற்குக் கண்களில்லை. ரவையும் தண்ணீருமான பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை.

தீயைச் சின்னதாக வைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெதுவாகச் சூடேற்றினால் புரதங்களுக்குப் பிரிந்து மாட்டிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. அதனால் கலவை குறைந்த சூட்டிலேயே கெட்டியாகத் தொடங்குகிறது. நாம் அதைப் பார்த்து இறக்க அவகாசம் இருக்கிறது. பெரிய தீயில் கெட்டியாவதே தாமதமாகி, திரியும் சூட்டை ஒட்டி வந்துதான் நடக்கிறது. கெட்டியாகிவிட்டதே என்று மகிழ்வதற்குள் திரிந்துவிடும். என் முதல் கஸ்டர்டுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

மோர்க்குழம்பு வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். புளித்த மோரைத் தனியாகக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும் என்பதால் அரிசியும் பருப்பும் ஊறவைத்து அரைத்து விடுகிறோம், நுரை கட்டி வந்ததும் இறக்குகிறோம். அங்கே மாவு செய்யும் காவலைத்தான் கஸ்டர்டில் சோள மாவு செய்கிறது. மாவுத் துகள்கள் சூட்டில் உப்பி, புரதங்கள் கொத்துக் கொத்தாகத் திரள்வதைத் தடுக்கின்றன. அரை லிட்டர் கலவையில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி சோள மாவு இருந்தால், முட்டை இருந்தாலும் தைரியமாகக் கொதிக்க வைக்கலாம். பிரெஞ்சு இனிப்புக் கடைகளில் பன்னுக்குள் அடைக்கும் கிரீம் இப்படிச் செய்வதுதான். அதைக் கொதிக்க வைக்கலாம் என்பதல்ல, கொதிக்க வைத்தே ஆக வேண்டும். மஞ்சள் கருவில் மாவுச்சத்தைச் செரிக்கும் ஒரு நொதி இருக்கிறது. கொதிக்கும் சூடு வராமல் இறக்கினால் அந்த நொதி உயிரோடு இருந்து இரவெல்லாம் மாவைத் தின்னும். மாலையில் கெட்டியாக இருந்தது காலையில் தண்ணீராக நிற்கும். மாவு சேர்த்த கஸ்டர்டின் பிரச்சினை குறைந்த சூடு, சேர்க்காததன் பிரச்சினை அதிக சூடு. நாக்கில் மாவின் கனம் தெரியும் என்பதால் எனக்கு இரண்டாவதே பிடிக்கும்.

கிண்டாமல் வைக்கும் கஸ்டர்டும் இருக்கிறது. கேரமல் புட்டிங் அப்படித்தான். இலங்கை முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்குச் செய்யும் வட்டிலாப்பமும் அதே இனம். பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால், சர்க்கரைக்குப் பதில் கித்துள் கருப்பட்டி, ஏலக்காய், முழு முட்டை எல்லாம் கலந்து ஆவியில் வைக்கிறார்கள். கிண்டாததால் வலை அறுபடாமல் வளர்ந்து, வெட்டி எடுக்கும் அளவுக்கு நிற்கிறது. ஆவியோ 100 டிகிரி, கலவைக்கு வேண்டியதோ 80 சொச்சம். அதனால் தீ குறைவாக இருக்க வேண்டும். இட்லிப் பானையின் மூடியை ஒரு விரல் அளவு திறந்து வைப்பதும் உதவும். மூடியிலிருந்து சொட்டும் நீர் விழாமல் இருக்கக் கிண்ணத்தை மூடிவிட வேண்டும். கிண்ணத்தை லேசாக அசைத்தால் ஓரம் நின்று நடு மட்டும் தளும்ப வேண்டும், அப்போதே இறக்கலாம். மீதியை உள்ளிருக்கும் சூடு பார்த்துக்கொள்ளும்.

கூடுதலாக வைத்தால் இங்கே ரவை வராது, ஓட்டைகள் வரும். ஓரத்துக் கலவை கொதிநிலையை நெருங்கும்போது எழும் குமிழிகள், இறுகிவிட்ட வலையிலிருந்து வெளியேற வழியின்றி அங்கேயே ஓட்டைகளாக நின்றுவிடுகின்றன. வலை பிழிந்த நீர் அவற்றில் தேங்குகிறது. கேரமல் புட்டிங்கை வெட்டினால் தேன்கூடு போலத் தெரிவது இதனால்தான், சமையல் பள்ளியில் அதற்கு மதிப்பெண் குறையும். வட்டிலாப்பத்தில் மட்டும் அந்த ஓட்டைகளைத் தேடிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கருப்பட்டிப் பாகு அதற்குள்தான் ஊறி நிற்கிறதாம்.