சாவும் கூடியது, சட்டமும் பலித்தது: ஸ்காட்லாந்தின் மதுக் கணக்கு

2018 மே 1 முதல் ஸ்காட்லாந்தில் மதுவுக்கு ஒரு தரைவிலை உண்டு. ஒரு யூனிட், அதாவது 10 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால், 50 பென்ஸுக்குக் கீழே விற்கக் கூடாது என்றது சட்டம். 700 மில்லி விஸ்கி பாட்டிலில் 28 யூனிட் இருக்கும். அதன் விலை 14 பவுண்டுக்குக் குறையக் கூடாது. விஸ்கி குடிப்பவரை இது பெரிதாகச் சுடவில்லை. சுட்டது, மூன்று லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் வரும் காரமான மலிவு சைடர் வாங்கியவரைத்தான். அந்தப் பாட்டிலின் விலை 11 பவுண்டைத் தாண்டியது. முன்பு அதில் பாதிகூடக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

சட்டத்துக்கு முந்தைய 2017-இல் மதுவாலேயே வரும் நோய்களால் ஸ்காட்லாந்தில் இறந்தவர்கள் 1,120 பேர். 2020-இல் 1,190 பேர். சாவு கூடியிருக்கிறது. ஆனால் 2023-இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு, இந்தச் சட்டத்தால் மதுச்சாவுகள் 13.4 சதவீதம் குறைந்தன, ஆண்டுக்குச் சுமார் 156 பேர் தப்பினார்கள் என்று மதிப்பிட்டது. இரண்டு கூற்றுமே பொய்யில்லை.

குழப்பம் தீர, 'எதைவிடக் குறைந்தது?' என்று கேட்க வேண்டும். ஆய்வு ஒப்பிட்டது முந்தைய ஆண்டோடு அல்ல, சட்டமே வராதிருந்தால் ஸ்காட்லாந்து எப்படி இருந்திருக்கும் என்பதோடு. அப்படியொரு ஸ்காட்லாந்து எங்கும் இல்லை. புதிய மருந்தாக இருந்தால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்க்கலாம். விலைச் சட்டத்தை அப்படிப் பிரிக்க முடியாது. வந்தால் நாட்டுக்கே வரும். ஆகவே அந்த இல்லாத ஸ்காட்லாந்தைக் கணக்கில் கட்டியெழுப்ப வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, பக்கத்து வீட்டைப் பார்ப்பது. மதுவரி பிரிட்டன் முழுவதற்கும் ஒன்று. பொருளாதார ஏற்ற இறக்கமும் ஏறக்குறைய ஒன்று. தரைவிலை மட்டும்தான் பெரிய வேறுபாடு. பிரிட்டனின் மற்ற பகுதிகளில் 2017-இல் 6,577 மதுச்சாவுகள், 2019-இல் 6,545. கிட்டத்தட்ட அசையவில்லை. அதே காலத்தில் ஸ்காட்லாந்து 1,120-இலிருந்து 1,020-க்கு இறங்கியது, சுமார் 9 சதவீதம். அங்கே உண்டான மாற்றத்தை இங்கே உண்டான மாற்றத்திலிருந்து கழித்தால், மிஞ்சுவது 8 சதவீதத்துக்குச் சற்று மேல். இரண்டு வேறுபாடுகளின் வேறுபாடு என்பதால் முறைக்கும் அதுவே பெயர்.

இப்போது 2020-க்கு வருவோம். கொரோனா ஆண்டு. மற்ற பகுதிகளில் சாவு 7,784. 2017-ஐவிட 18 சதவீதம் கூடுதல். ஸ்காட்லாந்தும் அதே வேகத்தில் போயிருந்தால் ஏறத்தாழ 1,325 பேர் இறந்திருப்பார்கள். இறந்தது 1,190. ஏறிய எண்ணுக்குள் ஒரு குறைவு ஒளிந்திருப்பது இப்படித்தான். இது என் காகிதக் கணக்குதான். ஆய்வாளர்களின் கணக்கு இதைவிட நுணுக்கமானது, ஆனால் எலும்புக்கூடு இதுவே.

இந்தக் கழித்தல் முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: சட்டம் இல்லாதிருந்தால் இரு பக்கமும் ஒரே போக்கில் போயிருக்கும். இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தில் மதுச்சாவு விகிதம் எப்போதுமே இங்கிலாந்தைவிட அதிகம். கோடுகள் இணையாக நகர்ந்தால் போதும். நகர்ந்திருக்கும் என்று நிரூபிக்க வழியில்லை. சட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளில் நகர்ந்தனவா என்று பார்க்கத்தான் முடியும்.

இந்த ஊரின் வரலாறு அங்கேதான் கண்டிப்பான வாத்தியாராகிறது. ஸ்காட்லாந்தின் மதுச்சாவுகள் 2006-இல் 1,417 வரை ஏறின, 2012-இல் 968-க்கு இறங்கின, பிறகு மீண்டும் ஏறின. இரண்டாவது வழியைப் பார்க்கும்போது இந்த ஏற்ற இறக்கம் இன்னும் முக்கியமாகிறது.

இரண்டாவது வழியில் அண்டை வீடு தேவையில்லை. ஒரே நாட்டின் எண்களை மாதவாரியாகவோ வாரவாரியாகவோ பல ஆண்டுகளுக்கு வரிசையாக வைக்கிறோம். சட்டம் வந்த நாள் வரை ஒரு கோடு வரைந்து, அதை அப்படியே முன்னோக்கி நீட்டுகிறோம். நீட்டிய கோட்டுக்கும் உண்மையில் நடந்ததற்கும் உள்ள இடைவெளிதான் சட்டத்தின் பலன். அந்த நாளில் கோடு சட்டென்று ஒரு படி இறங்கியதா, அல்லது அதன் சாய்வு மாறி மெல்லக் குறையத் தொடங்கியதா என்று இரண்டையும் தனித்தனியே அளக்கலாம். குறுக்கிடப்பட்ட காலத்தொடர் என்பது இதுதான்.

ஆனால் கோட்டை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது? 2006-இலிருந்து தொடங்கினால் நீட்சி கீழ்நோக்கிச் சாயும். சட்டம் எதையும் சாதிக்காதது போலத் தெரியலாம். 2012-இலிருந்து தொடங்கினால் நீட்சி மேலே போகும். சட்டம் பெரிதாகச் சாதித்தது போலத் தெரியும். லான்செட் ஆய்வின் தரவு 2012 ஜனவரியில் தொடங்குகிறது. அதற்கு நியாயமும் உண்டு: 2011 அக்டோபரில், நிறைய வாங்கினால் விலை குறையும் மொத்தச் சலுகைகளை ஸ்காட்லாந்து தடை செய்தது. அந்தக் குறுக்கீட்டைத் தாண்டித் தொடங்குவதே சுத்தம். ஆனாலும் இத்தகைய ஆய்வைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது தொடக்க ஆண்டைத்தான், முடிவை அல்ல.

தொடக்க ஆண்டின் இழுவையை ஓரளவு அடக்க, இரண்டு வழிகளையும் சேர்க்கிறார்கள். லான்செட் ஆய்வு செய்ததும் அதுதான்: ஸ்காட்லாந்தின் கோட்டுக்கு இங்கிலாந்தின் கோட்டைத் துணையாக வைத்தது. 2012-க்குப் பிறகான ஏற்றம் இரு நாட்டுக்கும் பொதுவானது என்றால் அது கழிந்துவிடும்.

காலம் குறித்ததிலும் ஒரு வசதி அமைந்தது. சட்டம் நிறைவேறியது 2012-இல். ஸ்காட்ச் விஸ்கி சங்கம் நீதிமன்றம் போனதால் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் வரை காத்திருக்க நேர்ந்தது. சாவு உச்சத்தில் இருக்கும்போது பதறிக் கொண்டுவரும் சட்டம் என்றால், அடுத்த ஆண்டு எண் தானாகவே கொஞ்சம் இறங்கும். அந்தப் பெருமையும் சட்டத்துக்கே போய்ச் சேரும். இங்கே நாளைத் தீர்மானித்தது வழக்கு.

உடைப்புகளும் உண்டு. வேல்ஸ் 2020 மார்ச்சில் இதே தரைவிலையைக் கொண்டுவந்தது; என் காகிதக் கணக்கின் ஒப்பீட்டுப் பகுதியில் வேல்ஸும் இருப்பதால் அதில் கலப்படம் சேர்கிறது. ஆய்வு இங்கிலாந்தை மட்டும் எடுத்ததால் தப்பித்தது. எல்லை தாண்டி இங்கிலாந்தில் போய் வாங்கினால், விற்பனைக் கணக்கில் ஸ்காட்லாந்து குறைந்தும் இங்கிலாந்து கூடியும் காட்டி, பலனை ஊதிப் பெரிதாக்கும். சாவுக் கணக்கில் அந்தச் சிக்கல் குறைவு: பாட்டிலை எங்கே வாங்கினாலும் குடித்தவர் வாழும் நாட்டின் கணக்கிலேயே நோய் வந்து சேர்கிறது. கொரோனாதான் பெரிய தலைவலி. பொதுவான அதிர்ச்சி இரு பக்கமும் கழிந்துவிடும், ஆனால் இரு பக்கமும் ஒரே அளவில் தாக்கியிருந்தால் மட்டும். பொதுமுடக்க விதிகளோ இரு நாட்டிலும் ஒன்றாக இல்லை.

அந்த 13.4 சதவீதமும் ஒற்றைப் புள்ளி அல்ல. ஆய்வு சொன்ன வரம்பு 8.3 முதல் 18.4 வரை. மருத்துவமனைச் சேர்க்கைகள் 4.1 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. அதன் வரம்போ பூஜ்ஜியத்தைத் தொட்டுத் தாண்டுகிறது. அதாவது அந்த இறக்கம் தற்செயலாகவும் இருக்கலாம். பலனின் பெரும்பகுதி கல்லீரல் நோய் போன்ற நாள்பட்ட கோளாறுகளிலும், வறிய பகுதிகளில் வாழ்பவர்களிடமும் தெரிந்தது. மலிவு சைடரைக் குறிவைத்த சட்டம் அங்கேதான் வேலை செய்திருக்க வேண்டும் என்பதால், தலைப்பு எண்ணைவிட இந்தப் பொருத்தம்தான் என்னை அதிகம் நம்பவைக்கிறது.

ஆறு ஆண்டுகளில் காலாவதியாகும் என்ற விதியோடு வந்த சட்டத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2024-இல் நீட்டித்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 30 முதல் தரைவிலை 65 பென்ஸ். இதன் பலனை அளக்க இனி வேறு கோடு வரைய வேண்டும்: இடையில் கொரோனா ஆண்டுகள் நிற்கின்றன, 50 பென்ஸ் இருந்த காலமே இப்போது 'முன்பு' ஆகிவிட்டது.