வேலை அனுபவமே இல்லையா? கவர் லெட்டரில் எதை எழுதுவது? வண்டியூர் கண்மாயை வைத்து ஓர் உதாரணம்

படிப்பு முடிந்துவிட்டது. ரெஸ்யூம் தயார். ஆனால் அதனுடன் அனுப்ப வேண்டிய கவர் லெட்டரில் கை நின்றுவிடுகிறது. "வேலையே பார்த்ததில்லையே, இதுல என்னத்தை எழுதுறது?" என்பதுதான் பெரும்பாலான ஃப்ரெஷர்களின் கேள்வி. புராஜெக்ட், இன்டர்ன்ஷிப், பாடங்கள் ஆகிய மூன்றும் கையில் இருக்கின்றன. அவற்றை எப்படிக் கடிதமாக்குவது என்பதில்தான் சிக்கல்.

ஒரு கற்பனை உதாரணத்தோடு பார்ப்போம். மதுரை வண்டியூரைச் சேர்ந்த பி.எஸ்சி வேதியியல் பட்டதாரி ஒருவர், தண்ணீர் பரிசோதனைக் கூடம் ஒன்றில் டிரெய்னி வேலைக்கு விண்ணப்பிக்கிறார். விளம்பரத்தில் கேட்டிருப்பது மூன்றுதான். நீர் மாதிரி எடுக்கத் தெரிய வேண்டும், டைட்ரேஷன் செய்யத் தெரிய வேண்டும், பதிவேட்டை ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும்.

அவர் முதலில் எழுதியது இப்படி இருந்தது:

"நான் கடின உழைப்பாளி. புதியவற்றைக் கற்கும் ஆர்வம் உடையவன். வண்டியூர் கண்மாய் நீரின் தரம் குறித்து புராஜெக்ட் செய்துள்ளேன். 15 நாள் இன்டர்ன்ஷிப் முடித்துள்ளேன். வாய்ப்பு தந்தால் திறம்படப் பணியாற்றுவேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இவருக்கு மாதிரி எடுக்கத் தெரியுமா என்று படிப்பவருக்குத் தெரியவில்லை. புராஜெக்டின் தலைப்பு இருக்கிறது, செய்த வேலை இல்லை.

தலைப்பை விடுங்கள், என்ன செய்தீர்கள்?

புராஜெக்டில் மொத்தம் நான்கு பேர். கடிதத்தில் "நாங்கள் ஆய்வு செய்தோம்" என்று எழுதினால், அதில் இவருடைய பங்கு எது என்று புரியாது. எனவே முதல் வேலை, தன் கையால் செய்ததை மட்டும் ஒரு தாளில் தனியாகப் பிரித்து எழுதுவது. ரெக்கார்டு நோட்டைப் புரட்டினால் பாதி விஷயம் அதிலேயே இருக்கும்.

நம் உதாரணப் பட்டதாரி கண்மாயில் 6 இடங்களில், மாதம் ஒரு முறை வீதம் 3 மாதம் மாதிரி எடுத்தார். மொத்தம் 18 மாதிரிகள். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளப்பது அவர் பொறுப்பு. கேட்க எளிதாக இருந்தாலும் இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பாட்டிலில் காற்றுக்குமிழி புகுந்தால் அளவு தப்பாகிவிடும். கல்லூரி ஆய்வகம் வரை அப்படியே கொண்டு போகவும் முடியாது. கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் சேர்த்து ஆக்சிஜனைப் பிடித்து வைக்க வேண்டும். பிறகு ஆய்வகத்தில் அமிலம் சேர்த்து, தயோசல்பேட்டால் டைட்ரேஷன் செய்ய வேண்டும். விளம்பரம் கேட்டதில் இரண்டு இங்கேயே வந்துவிட்டன. முதல் கடிதத்தில் இதில் ஒரு வரிகூட இல்லை!

தப்பு நடந்த இடம்தான் தங்கம்

முதல் மாதம் பஸ் தாமதம். 3 மாதிரிகளைக் காலை 7 மணிக்கும், மீதி 3 மாதிரிகளை மதியம் 2 மணிக்கும் எடுத்தார்கள். மதியம் எடுத்தவற்றில் ஆக்சிஜன் கூடுதலாக வந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் நல்லா இருக்குபோல என்று குழுவில் முடிவு கட்டப் பார்த்தார்கள். இவருக்குச் சந்தேகம். பகல் வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும் என்பதால் மதிய அளவு ஏறும். வித்தியாசம் இடத்தால் வந்ததா, நேரத்தால் வந்ததா என்று சொல்ல முடியாது. அடுத்த இரண்டு மாதமும் எல்லா மாதிரிகளையும் காலை 8 மணிக்குள் எடுத்தார்கள். முதல் மாதத்தின் அந்த 3 அளவுகளை அறிக்கையில் தனியாகக் குறித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் எழுதினால் தப்பா நினைப்பாங்களோ என்று பலர் மறைத்துவிடுகிறார்கள். பரிசோதனைக் கூடம் நடத்துபவரின் பார்வை வேறு. அளவு ஏன் மாறியது என்று கேட்கத் தெரிந்த ஆள் அவருக்குத் தேவை. காசு கொடுத்து ரெடிமேடாக வாங்கிய புராஜெக்டில் இல்லாதது இதுதான். அதில் முடிவு இருக்கும், எங்கே சிக்கல் வந்தது என்ற கதை இருக்காது. நேர்காணலின் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு உடைந்துவிடும்.

இன்டர்ன்ஷிப்பில் வேடிக்கைதான் பார்த்தீர்களா?

15 நாளில் 10 நாள் இவர் கருவிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மீதி 5 நாள் வந்த பாட்டில்களுக்கு எண் ஒட்டி, வந்த நேரத்தைப் பதிவேட்டில் ஏற்றினார். "இதெல்லாம் ஒரு வேலையா" என்று அவரே ஒதுக்கியிருந்தார். விளம்பரத்தின் மூன்றாவது தேவையோ அதுதான். பார்த்த கருவிகளை "பார்த்தேன்" என்றே எழுத வேண்டும். "கையாண்டேன்" என்று எழுதினால் முதல் நாளே அந்தக் கருவி முன் நிறுத்துவார்கள்.

பாடங்களுக்கு ஒரு வரி போதும். மதிப்பெண் ரெஸ்யூமிலேயே இருக்கிறது.

மாற்றி எழுதிய கடிதத்தின் நடுப்பகுதி:

"தங்கள் கூடத்தின் டிரெய்னி பணிக்கு விண்ணப்பிக்கிறேன். இறுதியாண்டு புராஜெக்டில் வண்டியூர் கண்மாயின் 6 இடங்களில் 18 நீர் மாதிரிகள் எடுத்து, கரைந்த ஆக்சிஜனை டைட்ரேஷன் மூலம் அளந்தேன். நால்வர் குழுவில் இது என் பொறுப்பு. முதல் மாதம் மாதிரி எடுத்த நேரம் மாறியதால் அளவுகள் ஒப்பிட முடியாமல் போயின. பிறகு காலை 8 மணிக்குள் எடுப்பது என்று வகுத்துக்கொண்டோம். 15 நாள் இன்டர்ன்ஷிப்பில் 5 நாள் மாதிரிகளுக்கு எண் இட்டுப் பதிவேடு எழுதினேன். டைட்ரேஷன் முறைகளைப் பகுப்பாய்வு வேதியியல் செய்முறை வகுப்பில் பயின்றேன். ஆய்வகத்தில் முழுநேரப் பணி அனுபவம் இல்லை. என் ரெக்கார்டு நோட்டை நேரில் காட்ட முடியும்."

அனுபவம் இல்லை என்பது ஒரே வரியில், மன்னிப்புத் தொனி இல்லாமல் கடைசியில் வருகிறது. இதே வழியில் எழுதப்பட்ட ஒரு பழைய விண்ணப்பம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1912 பிப்ரவரி 9-ம் தேதி, சென்னைத் துறைமுகக் கழகத்தில் கிளார்க் வேலை கேட்டுக் கணிதமேதை ராமானுஜன் எழுதியது. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்து மேலே தொடர முடியாமல் போனதையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிடுவதாக எழுதினார். கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரையும் உடன் இருந்தது. மார்ச் 1-ம் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இன்றைய பட்டதாரிக்கு அந்தப் பரிந்துரையின் இடத்தில் புராஜெக்ட் கைடு இருக்கிறார். அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் பெயரையும் தொடர்பு எண்ணையும் சேர்க்கலாம்.

ஆங்கிலத்தில்தானே அனுப்பணும்?

பெரும்பாலும் ஆம். ஆனால் நேரடியாக ஆங்கிலத்தில் தொடங்கினால், இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தின் வரிகள்தான் வந்து விழும். செய்ததை முதலில் தமிழில், நண்பனிடம் சொல்வது போல எழுதிக்கொண்டு, பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்துக்கு மாற்றுவது நல்லது. ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

அனுப்பும் முன் கடிதத்தில் உள்ள நிறுவனத்தின் பெயரை அழித்து, வேறொரு பெயரைப் போட்டுப் பார்க்கலாம். இந்தக் கடிதம் இன்னொரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்துக்குப் பொருந்தினால் பரவாயில்லை. வங்கிக்கும் துணிக்கடைக்கும் பொருந்தினால், மறுபடி ரெக்கார்டு நோட்டை எடுக்க வேண்டியதுதான்.