பின்சக்கரம் போகும் வழி

பள்ளி வளாகத்தில் சிமென்ட் தரை இருக்கும் இடத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டுங்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவரை அந்த ஈரத்தின் மேல் மெதுவாகச் சைக்கிள் ஓட்டி வந்து, உலர்ந்த தரையில் இடப்பக்கமாக நன்றாக ஒடித்துத் திரும்பச் சொல்லுங்கள். தரையில் இரண்டு ஈரத் தடங்கள் விழும். வெளியே வளைந்து போவது முன்சக்கரத்தின் தடம். பின்சக்கரம் அதன் மேலேயே வராமல், உள்பக்கமாகக் குறுக்கு வழியில் போயிருக்கும்.

இதற்குக் காரணம் பிதாகரஸ் தேற்றம்தான். முன்சக்கரத்தைத்தான் திருப்ப முடியும். பின்சக்கரம் வண்டியின் நீளத்துக்கு நேராக மட்டுமே உருளும். வளைவின் மையத்திலிருந்து இரண்டு சக்கரங்களுக்கும் கோடு இழுத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கிறது. அதில் முன்சக்கரத்துக்குப் போகும் கோடே கர்ணம், அதாவது நீளமான பக்கம். சைக்கிளின் இரு அச்சுகளுக்கு இடையே ஏறத்தாழ 1 மீட்டர். முன்சக்கரம் 2 மீட்டர் ஆரத்தில் வளைந்தால் பின்சக்கரத்தின் ஆரம் 1.73 மீட்டர். இடைவெளி 27 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்று மேல்.

இதே கணக்கைக் கம்பெனிப் பேருந்துக்குப் போட்டுப் பாருங்கள். அச்சுகளுக்கு இடையே 6 மீட்டர், முன்சக்கரம் 12 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், பின்சக்கரம் 1.6 மீட்டர் உள்ளே வரும். அதே பிள்ளை இரு கைகளையும் விரித்து நின்றால் ஏறக்குறைய அந்த அகலம். கன்டெய்னர் டிரெய்லரில் இது இரண்டு கட்டமாக நடக்கிறது: இழுக்கும் வண்டி கொஞ்சம் உள்ளே வருகிறது, இழுபடும் பெட்டி இன்னும் உள்ளே வருகிறது. முன்னதன் அச்சு இடைவெளி 3.5 மீட்டர், பின்னதற்கு 9 மீட்டர் என்று கொண்டால், அதே வளைவில் சுற்றிக்கொண்டே இருக்கும் டிரெய்லரின் கடைசிச் சக்கரங்கள் ஏறத்தாழ 5 மீட்டர் உள்ளே போய்விடும். தெருமுனையில் ஒரே ஒரு திருப்பம் என்பதால் அவ்வளவு வராது. ஆனாலும் ஒரு சைக்கிளும் அதை ஓட்டுபவரும் நிற்கும் இடம் அதற்குள் அடங்கிவிடும்.

சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. கார் தொழிற்சாலைகளுக்கான டிரெய்லர்களும் ஷிப்ட் பேருந்துகளும் ஓடுகிற இந்தச் சாலைகளின் ஓரத்தில்தான் சுற்று வட்டார ஊர்ப் பிள்ளைகளும் சைக்கிள் மிதிக்கிறார்கள். டிரெய்லர் ஓட்டுநர் இடப்பக்கம் திரும்புமுன், பின்சக்கரம் நடைபாதையில் ஏறாமல் இருக்க, முதலில் கொஞ்சம் வலப்பக்கம் ஒதுங்குவார். அப்போது இடப்பக்கம் அகலமான இடைவெளி திறக்கும். வண்டி வலப்பக்கம் போகிறது என்று நினைத்துப் பிள்ளை அந்த இடைவெளிக்குள் நுழையும். ஓட்டுநர் வலப்பக்க இருக்கையில் இருக்கிறார். கேபினை ஒட்டி இடப்பக்கம் தாழ்வாக நிற்கும் பிள்ளை அவர் கண்ணில் படாது.

ஆகவே மைதானத்தில் ஒரு முளை அடித்து, 12 மீட்டர் கயிற்றால் சுண்ணாம்புத் தூளில் ஒரு கால் வட்டம் போடுங்கள். உள்ளே 10.4 மீட்டரில் இன்னொன்று. நடுவில் உள்ள பட்டைதான் பேருந்தின் பின்சக்கரம் விழுங்கும் இடம். பிள்ளைகளைச் சைக்கிளோடு அதற்குள் நிற்கவைத்து, வெளிக்கோட்டில் ஒருவரை முன்சக்கரமாகவும், 6 மீட்டர் கயிற்றின் மறுமுனையில் இன்னொருவரைப் பின்சக்கரமாகவும் நடக்கவிடுங்கள். பின்சக்கரம் தன் மேல் வந்து நிற்பதைப் பார்த்த பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஆனால் அந்த இடத்தை அறிந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து விலகி நிற்கச் சைக்கிளைக் கட்டுப்படுத்தத் தெரிய வேண்டும். அதில் கடினமானது, திரும்பிப் பார்ப்பது. தலை வலப்பக்கம் திரும்பினால் தோளும் திரும்பும். தோளோடு ஹேண்டில்பாரும் திரும்பும். பின்னால் லாரி வருகிறதா என்று பார்க்கிற பிள்ளை, பார்க்கிற அந்த நொடியிலேயே லாரியின் பாதைக்குள் நகர்ந்துவிடும். இதற்கு 20 மீட்டர் நீளத்தில், 60 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போதும். ஆசிரியர் பின்னால் நின்று விரல்களைக் காட்ட வேண்டும். ஓட்டுகிற பிள்ளை திரும்பிப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும். பிறகு தூளில் டயர் தடத்தைப் பாருங்கள். கோட்டை மிதித்திருந்தால் கையை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பொருள். முழங்கையைத் தளர்த்தி, முகவாயை மட்டும் தோளுக்குக் கொண்டுபோகச் சொன்னால் பத்துப் பதினைந்து தடவையில் தடம் நேராகும்.

மிக மெதுவாக ஓட்டச் சொல்லாதீர்கள். சாய்கிற பக்கமே முன்சக்கரத்தைத் திருப்பித்தான் சைக்கிள் நிற்கிறது. வேகம் பாதியானால் அதே அளவு தாங்கலுக்கு நான்கு மடங்கு ஒடிக்க வேண்டும். நடை வேகத்தில் பிள்ளைகள் தள்ளாடுவது அதனால்தான், பயத்தால் மட்டுமல்ல.

மைதானம் எல்லாவற்றையும் கற்றுத்தராது. வரும் வண்டியின் வேகத்தைக் கணிக்க அங்கே வழியில்லை. இங்கிலாந்தின் பைக்கபிலிட்டி பயிற்சியும் முதல் நிலையை மைதானத்தில் முடித்துவிட்டு, இரண்டாம் நிலைக்குப் பயிற்றுநரோடு அமைதியான தெருவுக்குத்தான் போகிறது.

தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டி 11ஆம் வகுப்பில் கைக்கு வருகிறது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு ஆசிரியர்களே, அதற்கு முன் உங்களிடம் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. கபடிக்கும் கோகோவுக்கும் கோடு போடுகிற அதே சுண்ணாம்பில், மைதானத்தின் ஒரு மூலையில் இந்த இரண்டு வளைவுகளையும் போட்டு வையுங்கள்.