ஒருவர் மட்டும் வரவில்லை என்றால்…

நாலு பேருக்கு ஒன்றாக ரயில் டிக்கெட் எடுத்திருக்கிறோம். கிளம்பும் நேரத்தில் ஒருவரால் வர முடியவில்லை. அவர் பெயரை மட்டும் எடுத்துவிட்டால் மற்ற மூவரின் டிக்கெட்டுக்கு ஏதாவது ஆகுமா?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சென்னை எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு ஸ்லீப்பரில் நாலு பேர்: அப்பா, அம்மா, பாட்டி, மகள். ஒரே பி.என்.ஆர். எண். முதல் மூவருக்கும் படுக்கை உறுதி. மகள் வெயிட்டிங் லிஸ்டில். பயணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று தெரிகிறது.

டிக்கெட் எடுத்த அதே ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் நுழைந்து, Booked Ticket History பகுதியில் அந்த டிக்கெட்டைத் திறந்து, Cancel Ticket என்பதை அழுத்தினால் நாலு பெயர்களும் வரும். அப்பாவின் பெயரை மட்டும் தேர்ந்தெடுத்து உறுதி செய்ய வேண்டும். மற்றவர்களின் பி.என்.ஆர். எண்ணும் மாறாது, படுக்கை எண்ணும் மாறாது. அப்பாவின் பெயருக்கு நேரே CAN என்று வரும். டிக்கெட்டை மறுபடி பிரிண்ட் எடுத்துக்கொள்வது நல்லது. பழைய தாளில் அப்பா இன்னும் பயணியாகத்தான் இருப்பார்.

ரத்துக் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. உறுதியான ஸ்லீப்பர் படுக்கைக்குக் குறைந்தபட்சம் 120 ரூபாய் பிடிப்பார்கள். ஆளுக்கு 400 ரூபாய் கட்டணம் என்று வைத்துக்கொண்டால், அப்பாவுக்கு 280 ரூபாய் திரும்பும். புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடும். மற்ற மூவரின் பணத்தில் எதுவும் குறையாது.

பலர் ஏமாறுவது அடுத்த இடத்தில்தான். ‘அப்பாவின் படுக்கை காலியானால் அது மகளுக்குத்தானே கிடைக்கும்?’ என்று நினைக்கிறோம். கிடைக்காது. ரத்து செய்த நொடியில் அந்தப் படுக்கை ரயில்வேயிடம் போய்விடுகிறது. அங்கே ஆர்.ஏ.சி. வரிசையில் முதலில் நிற்பவருக்கு அது போகும். வெயிட்டிங் லிஸ்ட் ஓர் இடம் நகரும். மகளின் எண் 14 என்றால் 13 ஆகலாம், அவ்வளவுதான். ஒரே டிக்கெட்டில் பெயர் இருப்பதால் முன்னுரிமை எதுவும் கிடையாது.

அப்பாவுக்குப் பதிலாக வேறொருவர் போவதாக இருந்தால் ரத்து செய்யவே வேண்டாம். ரயில் புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே டிக்கெட் பிரிண்டுடனும் உறவைக் காட்டும் சான்றுடனும் முன்பதிவு மையத்தில் எழுதிக் கொடுத்தால் பெயரை மாற்றித் தருவார்கள். தாய், தந்தை, உடன்பிறந்தவர், பிள்ளைகள், கணவன், மனைவி ஆகியோருக்கு மட்டுமே இது பொருந்தும். அப்பாவின் இடத்தில் சித்தப்பா போகலாம். மாமா போக முடியாது. ரத்து செய்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

இன்னொரு நிலைமையும் வரலாம். அப்பாவுக்கு லீவு கிடைத்துவிட்டது, யாரையும் ரத்து செய்யவில்லை. ஆனால் மகளுக்குக் கடைசிவரை இடம் உறுதியாகவில்லை. அவளை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் பயணத்தையே கைவிடுகிறார்கள். இங்கே விதி பயணிகளின் பக்கம் நிற்கிறது. ஒரே டிக்கெட்டில் சிலருக்கு உறுதியாகி, சிலர் ஆர்.ஏ.சி.யிலோ வெயிட்டிங் லிஸ்டிலோ இருந்தால், ரயில் புறப்பட 30 நிமிடத்துக்கு முன்புவரை எல்லாரையும் சேர்த்து ரத்து செய்யலாம். சார்ட் தயாராகியிருந்தால் இணையத்தில் டி.டி.ஆர். பதிவு செய்ய வேண்டும். உறுதியான படுக்கைக்கும் தலைக்கு 60 ரூபாய் எழுத்தர் கட்டணம் மட்டும் கழித்து மீதி கிடைக்கும்.

இதில் தவறிப் போவது, ‘உறுதியாகாத மகளின் பெயரை முதலில் எடுத்துவிடுவோம்’ என்று அவசரப்படுவதால். அவள் பெயர் போனதும் மிச்சமிருப்பது மூன்று பேரும் உறுதியான சாதாரண டிக்கெட். அதன்பிறகு அதை ரத்து செய்தால் நேரத்துக்கேற்ற முழுப் பிடித்தமும் உண்டு. மிகவும் தாமதமானால் ஒன்றுமே திரும்பாது.

மகள் மட்டும் வீட்டில் தங்க, மற்றவர்கள் போகிறார்கள் என்றால், அவள் பயணம் செய்யவில்லை என்று டிக்கெட் பரிசோதகரிடம் சான்று வாங்க வேண்டும். ஊர் போய்ச் சேர்ந்த 72 மணி நேரத்துக்குள் டி.டி.ஆர். பதிவு செய்து, அந்த அசல் சான்றையும் அனுப்ப வேண்டும்.

ஆகவே, ஒரு பெயரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒன்றை மட்டும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்: மற்றவர்கள் நிச்சயம் போகிறார்களா? போகிறார்கள் என்றால் அந்த ஒருவரை நீக்குங்கள். சந்தேகம் இருந்தால், உறுதியாகாதவரின் பெயரைத் தொடாதீர்கள்.