ஒரே வாடிக்கையாளர், இரண்டு எண்கள்

"பணம் கட்டியாச்சு, இன்னும் நெட் வரல" என்று பிராட்பேண்ட் நிறுவனத்துக்கு போன் செய்கிறீர்கள். "உங்க கணக்கை போன மாசமே மூடியாச்சே சார்" என்கிறார் மறுமுனையில் இருப்பவர். இருவருமே பொய் சொல்லவில்லை. பில் போடும் மென்பொருள் வேறு, புகார் பதியும் மென்பொருள் வேறு. இரண்டும் தன் போக்கில் உங்களுக்கு ஓர் எண் கொடுத்திருக்கின்றன. இந்த எண்ணுக்கு அந்த எண் என்று காட்டும் அட்டவணை ஒன்று நடுவில் இருக்கும். பழுது பெரும்பாலும் அதில்தான்.

பில்லிங் பிரிவு எண் கொடுப்பது இணைப்புக்கு. சப்போர்ட் பிரிவு கொடுப்பது ஆளுக்கு. தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்கு வீடு மாற்றியவரின் பழைய கணக்கை மூடி, புதிய கணக்கு திறப்பார்கள். புகார் எண் மட்டும் மாறாது. அப்போது அட்டவணை இப்படி இருக்க வேண்டும்:

```
bill_id   support_id  from_date   to_date
00418277  S90315      2021-06-10  2024-03-31
00593046  S90315      2024-04-01  NULL
```

தேதிகள் இல்லாத அட்டவணையில் S90315-க்கு இரண்டு வரிகளும் சமம். திரையில் எது முதலில் வருகிறதோ அதையே ஊழியர் நம்புவார். பழைய வரியை அழித்துவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். கூடாது. மார்ச் மாத பில் பற்றிய சண்டை மே மாதத்தில் வந்தாலும், அந்த வரிதான் வழிகாட்டும்.

அட்டவணையை முதன்முதலில் நிரப்பும்போது பலரும் மொபைல் எண்ணை வைத்துத்தான் பொருத்துகிறார்கள். வேறு வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் வீட்டு இணைப்புக்கும் கடை இணைப்புக்கும் ஒரே மொபைல் எண்ணைக் கொடுத்தவர்கள் ஏராளம். தவிர, இந்தியாவில் துண்டிக்கப்பட்ட மொபைல் எண் 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குப் போகலாம். அதனால் ஒவ்வொரு வரியிலும் அது எப்படிப் பொருந்தியது என்று குறித்து வைப்பது நல்லது. மொபைல் எண்ணை மட்டும் நம்பிச் சேர்த்த வரி என்றால், அடுத்த அழைப்பில் பில் எண்ணையும் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

இன்னொரு வில்லன் எக்செல். 00418277 என்று தட்டினால் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு 418277 ஆக்கிவிடும். முன்னால் இருந்த சுழியங்கள் போனதும் பில்லிங்கில் அப்படி ஒரு கணக்கே இருக்காது. ஒரு கோப்பை ஏற்றிய மறுநாள் ஜோடி கிடைக்காத புகார்கள் திடீரென்று கூடினால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பத்தியை எழுத்து வடிவமாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

தினமும் இரவில் ஓட விட ஒரு சின்ன சோதனையும் உண்டு:

```
SELECT bill_id, COUNT(*) FROM id_map
WHERE to_date IS NULL
GROUP BY bill_id HAVING COUNT(*) > 1;
```

ஒரே இணைப்புக்கு நடப்பில் இரண்டு புகார் எண்கள் இருந்தால் அந்த பில் எண் இதில் சிக்கும். கணவனும் மனைவியும் தனித்தனியே புகார் பதிந்திருக்கலாம், அது தவறில்லை. இரண்டு பெயர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்றால், பழைய குடித்தனக்காரரின் வரிக்கு முடிவுத் தேதி போட யாரோ மறந்திருக்கிறார்கள்.