எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தங்கினார்கள்

மனிதவளத் துறையில் வேலை தேடுபவரின் பயோடேட்டாவில் பெயருக்குக் கீழே நான்கைந்து வரியில் ஒரு சுருக்கம் இருக்கும். எவ்வளவு பேரை வேலைக்கு எடுத்தார், எடுத்தவர்கள் போய்விடாமல் இருக்க என்ன செய்தார், பணியாளர்களுக்காக என்னென்ன திட்டங்கள் நடத்தினார் என்ற மூன்றையும் அதில் சொல்வது வழக்கம். பெரும்பாலானவர்கள் இவற்றை மூன்று தனித்தனிச் சாதனைகளாக எழுதுகிறார்கள். உண்மையில் மூன்றும் ஒரே கணக்கின் பகுதிகள். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்தவர்களோடு புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டி, விலகியவர்களைக் கழித்தால் ஆண்டு முடிவில் இருப்பவர்கள் வரவேண்டும். சுருக்கத்தைப் படிக்கும் அனுபவசாலி முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்ப்பார்.

திருப்பூரின் ஏற்றுமதி பனியன் ஆலை ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். அங்கே வேலை பார்த்த எச்.ஆர். அதிகாரியின் சுருக்கம் இப்படி இருக்கிறது: "இரண்டு ஆண்டுகளில் 885 பேரைப் பணியமர்த்திய அனுபவம். பணியாளர் தக்கவைப்பைப் பெருமளவு உயர்த்தியவர். பல்வேறு நலத்திட்டங்களைச் சிறப்பாக நடத்தியவர்." 885 என்ற எண் கண்ணை இழுக்கிறது. ஆனால் அந்த ஆலையில் மொத்தம் எத்தனை பேர் என்பது தெரியாதவரை அதற்குப் பொருளில்லை. ஐயாயிரம் பேர் உள்ள இடத்தில் இரண்டு ஆண்டுக்கு 885 என்பது மிகக் குறைவு. எண்ணூறு பேர் உள்ள இடத்தில் அது அச்சமூட்டும் எண்.

இந்த ஆலையில் முதல் ஆண்டு ஏப்ரல் மாதம் 800 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டில் 520 பேர் சேர்ந்தார்கள். மார்ச் முடிவில் இருந்தவர்களோ 840 பேர்தான். அப்படியென்றால் 480 பேர் போயிருக்கிறார்கள். ஆண்டின் சராசரி ஆள்பலம் 820. விலகிய 480-ஐ அதனால் வகுத்தால் ஏறக்குறைய 59 சதவீதம் வரும். இதைத்தான் துறையில் அட்ரிஷன் என்கிறார்கள். 520 பேரைச் சேர்த்தும் ஆலைக்குக் கூடுதலாகக் கிடைத்தது 40 பேர். மீதி உழைப்பு முழுவதும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்.

அடுத்த ஆண்டில் 365 பேர் சேர்ந்து, 345 பேர் விலகி, முடிவில் 860 பேர் இருந்தார்கள். சராசரி 850 என்பதால் அட்ரிஷன் 41 சதவீதத்துக்கு அருகில் வந்துவிட்டது. ஆள் சேர்த்த எண்ணிக்கை 520-இலிருந்து 365-ஆகக் குறைந்தது, ஆள்பலமோ கூடியது. அந்த அதிகாரி பெருமைப்பட வேண்டிய விஷயம் இந்தக் குறைவுதான். அவரோ இரண்டு ஆண்டுகளையும் கூட்டி 885 என்று எழுதி, தம்முடைய நல்ல வேலையைத் தாமே மறைத்துவிட்டார். பெரிய எண்தான் மதிப்பு என்ற எண்ணம் இந்தத் துறையில் ஆழமாக வேரூன்றியிருப்பதால் இது அடிக்கடி நடக்கிறது.

ஆளெடுப்பு எண்ணோடு இன்னொன்றும் சேர வேண்டும்: யாரை எடுத்தது? தையல் டெய்லர், ஹெல்பர், செக்கிங் ஆள் என்று நூறு பேரை ஒரே வாரத்தில் சேர்ப்பது ஒரு வகைத் திறமை. ஒடிசாவிலோ பீகாரிலோ நம்பகமான ஆள்களைப் பிடித்து, ரயிலில் வருபவர்களுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்து, ஆதார், வங்கிக் கணக்கு, பி.எஃப். பதிவு எல்லாவற்றையும் முடிப்பது அதில் அடங்கும். ஒரு மெர்ச்சண்டைசரையோ தொழில் பொறியாளரையோ கண்டுபிடிக்க இரண்டு மாதம் அலைவது வேறு வகை. இரண்டையும் ஒரே எண்ணில் கலந்து எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

தக்கவைப்பு வேலை என்பது போனவர்கள் எப்போது போனார்கள் என்று பிரித்துப் பார்ப்பதில் தொடங்குகிறது. முதல் ஆண்டில் விலகிய 480 பேரில் 210 பேர் சேர்ந்து 90 நாள்கூட ஆகாதவர்கள். பத்து ஆண்டு வேலை செய்தவர் போவதற்கும் பத்தாவது நாளில் ஒருவர் போவதற்கும் காரணம் ஒன்றாக இருக்காது. பழைய ஆள் கூலி, வீட்டுச் சூழல், வேறு ஆலையின் அழைப்பு போன்றவற்றால் போவார். தீபாவளி போனஸ் கைக்கு வரும்வரை காத்திருந்து போவது தமிழ்நாட்டின் பல ஆலைகளுக்குப் பழகிய காட்சி. புதிய ஆள் போவதற்கான காரணம் பெரும்பாலும் முதல் மாதத்துக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் காரணங்களைத் தோண்டிப் பார்த்தால் ஆலையின் உள்ளமைப்பு தெரியும். பீஸ் ரேட்டில் புதிய டெய்லரை லைனில் உட்கார வைத்தால், கை பழகும்வரை அவருக்கு அரைக்கூலிகூடத் தேறாது. லைனின் வேகம் அவரால் குறைவதால் சூப்பர்வைசர் திட்டுவார், பக்கத்தில் இருப்பவர்களும் முகம் சுளிப்பார்கள். மாதத்தின் நடுவில், 12-ஆம் தேதி வந்து சேர்ந்தவருக்கு அடுத்த மாதம் 7-ஆம் தேதிதான் முதல் சம்பளம். வெளி மாநிலத்திலிருந்து வந்தவர் இடைப்பட்ட நாள்களுக்கு மளிகைக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் கடன் வாங்க வேண்டியிருக்கும். இந்த இரண்டு இடைஞ்சலும் எந்த விலகல் படிவத்திலும் எழுதப்படுவதில்லை. படிவத்தில் "சொந்தக் காரணம்" என்றுதான் இருக்கும்.

இரண்டாம் ஆண்டில் அந்த ஆலை இரண்டு மாற்றங்களைச் செய்தது. புதியவர்களை மூன்று வாரம் தனிப் பயிற்சி லைனில் வைத்து, முதல் ஆறு வாரத்துக்குப் பீஸ் ரேட் இல்லாமல் நாள் கூலி உறுதி தந்தது. முதல் சம்பளம் வரும்வரை வாரந்தோறும் செய்த வேலைக்கேற்ப முன்பணம் கொடுத்தது. அந்த ஆண்டு 90 நாளுக்குள் விலகியவர்கள் 210-இலிருந்து 95-ஆகக் குறைந்தார்கள். மற்றவர்களின் விலகல் 270-இலிருந்து 250 ஆயிற்று. மொத்தக் குறைவான 135 பேரில் 115 பேர் புதியவர்கள் பக்கத்தில் வருகிறார்கள். மாற்றம் எங்கே செய்யப்பட்டதோ அங்கேயே விளைவு தெரிவதால், அதிகாரி தம் வேலைக்கு உரிமை கோருவதில் நியாயம் இருக்கிறது. பழைய ஆள்களிடம் குறைந்த 20 பேருக்கும் சேர்த்து உரிமை கோரினால் அது மிகை.

சந்தை நிலவரமும் இதில் புகுந்து விளையாடும். இன்ஃபோசிஸ் நிறுவனம் தானாக விலகுபவர்களின் விகிதத்தை வெளியிடுகிறது. 2022 ஜூன் காலாண்டில் 28.4 சதவீதமாக இருந்த அது 2024 மார்ச் காலாண்டில் 12.6 சதவீதமாக இறங்கியது. மற்ற ஐ.டி. நிறுவனங்களிலும் அதே காலத்தில் இறங்குமுகம்தான். வெளியே வேலை கிடைக்காதபோது யாரும் இருக்கிற வேலையை விடமாட்டார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியது. ஆர்டர் சுருங்கும் அப்படிப்பட்ட காலத்தில் திருப்பூரில் விலகல் குறைந்தால், அதை எச்.ஆர். அதிகாரியின் கணக்கில் வரவு வைக்க முடியாது. விலகலை எப்படி எண்ணினார்கள் என்பதும் முக்கியம். தானாகப் போனவர்களை மட்டும் எண்ணும் இடமும் உண்டு, நிறுவனமே அனுப்பியவர்களையும் சேர்த்து எண்ணும் இடமும் உண்டு. ஒன்றின் சதவீதத்தை மற்றதோடு ஒப்பிட்டால் கணக்குத் தவறும்.

தங்கினார்கள் என்பதாலேயே அது நல்ல தக்கவைப்பு ஆகிவிடாது. தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலி திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்து, முடிவில் ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லும் முறை இருந்தது. இடையில் போனால் அந்தத் தொகை கிடைக்காது என்பதுதான் அதன் பிடி. அதில் விலகல் விகிதம் குறைவாக இருந்திருந்தாலும், பணத்தைப் பிடித்து வைத்து ஆளைப் பிடித்து வைத்ததை எந்த எச்.ஆர். அதிகாரியும் சாதனையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பதும் இதே வகைதான்.

திட்டங்களைப் பற்றிய வரியில் முதலில் பிரிக்க வேண்டியது சட்டம் கட்டாயப்படுத்தியது எது, நிறுவனம் தானாகச் செய்தது எது என்பதை. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு 2013 சட்டப்படி இருந்தே ஆக வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகத்தை மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் கட்டாயமாக்கியது. "காப்பகம் தொடங்கினேன்" என்பது சட்டத்தை மீறாமல் இருந்தேன் என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. அங்கே நாள்தோறும் எத்தனை குழந்தைகள் வருகிறார்கள், மகப்பேறு விடுப்பு முடித்த பெண்களில் எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினார்கள் என்பதுதான் செய்தி. பொங்கல் விழா, கோலப் போட்டி, யோகா வகுப்பு ஆகியவற்றின் பட்டியல் படிக்க இனிமையாக இருக்கும், கணக்கில் எங்கும் ஒட்டாது.

இத்தனையும் தெரிந்து அதே அதிகாரி மீண்டும் எழுதினால் சுருக்கம் இப்படி வரும்: "சராசரி 850 பேர் உள்ள ஏற்றுமதி ஆடை ஆலையின் எச்.ஆர். பொறுப்பு. ஆண்டு அட்ரிஷன் 59-இலிருந்து 41 சதவீதமாகக் குறைந்தது. புதியவர்களுக்கான பயிற்சி லைன், ஆறு வார நாள் கூலி, வார முன்பணம் ஆகியவற்றால் 90 நாளுக்குள் விலகியவர்கள் 210-இலிருந்து 95 ஆனார்கள். இதனால் ஆண்டு ஆளெடுப்புத் தேவை 520-இலிருந்து 365 ஆயிற்று, ஆள்பலம் 800-இலிருந்து 860-ஆக உயர்ந்தது." ஐந்தே வரி. பெரும்பாலும் இதை ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். எந்த மொழியில் எழுதினாலும் எண்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால் நேர்காணலில் கேள்வி கேட்பவருக்கும் பிடி கிடைக்கிறது. பயிற்சி லைனுக்கான செலவை யார் ஒப்புக்கொண்டார்கள், சூப்பர்வைசர்கள் எதிர்த்தார்களா என்று கேட்டால், உண்மையில் செய்தவர் தயங்காமல் சொல்வார்.

சொன்ன எண்களை ஓரளவு சரிபார்க்கவும் வழி உண்டு. வருங்கால வைப்புநிதி நிறுவனத்தின் இணையதளத்தில் ஒரு நிறுவனத்தைத் தேடினால், அது மாதந்தோறும் எத்தனை பணியாளர்களுக்காகப் பணம் கட்டியது என்பது தெரியும். 850 பேர் என்று எழுதியவரின் ஆலை 300 பேருக்கே கட்டியிருந்தால் விளக்கம் கேட்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்துப் பொய் என்று தீர்மானிக்கக்கூடாது, ஏனென்றால் கான்ட்ராக்டர் வழியாக வந்த ஆள்கள் அந்தக் கான்ட்ராக்டரின் எண்ணில் பதிவாகியிருப்பார்கள்.